எத்தனை வாரம், எத்தனை நாள்?

"அண்ணே, மூணு பேப்பர்ல மூணு தேதி போட்டிருக்கு. இதுல எதை நம்புறது?"ன்னு 2025 ஜூன் 23 அன்னைக்கு தங்கச்சி போன் பண்ணினா. நான் டாக்டர் இல்லீங்க, கணக்கு போடப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனா இந்தக் கணக்குல ஒரு சூட்சுமம் இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

அவ படிச்சுக் காட்டினது இது. கடைசியா தலைக்கு ஊத்திக்கிட்ட தேதி ஜனவரி 3, அதன்படி பிரசவத் தேதி அக்டோபர் 10. முதல் ஸ்கேன் மார்ச் 14. குழந்தை தலையிலிருந்து புட்டம் வரைக்கும் (சி.ஆர்.எல்.னு போட்டிருக்கும்) 22 மில்லிமீட்டர், வயசு 8w6d, பிரசவத் தேதி அக்டோபர் 18. ரெண்டாவது ஸ்கேன் மே 22. வயசு 19w3d, பிரசவத் தேதி அக்டோபர் 13.

முதல் ஸ்கேனை வச்சு இன்னைக்கு எத்தனை வாரம்னு பார்ப்போம். வாரத்தை முதல்ல நாளாக்கிடணும். 8 வாரம் 6 நாள்னா 56 + 6 = 62 நாள். மார்ச் 14லேர்ந்து ஜூன் 23 வரைக்கும் மார்ச்ல 17, ஏப்ரல்ல 30, மேல 31, ஜூன்ல 23, ஆக 101 நாள். கூட்டினா 163. ஏழால வகுத்தா ஈவு 23, மீதி 2. அதாவது 23 வாரம் 2 நாள்.

மாசத்துக்கு நாலு வாரம்னு கூட்டாதீங்க, மூணு மாசத்துலயே ஒரு வாரத்துக்கு மேல உதைக்கும். 8w6d-யை 8.6 வாரம்னும் எழுதாதீங்க. 8.6 வாரம்னா 8 வாரம் 4 நாள்தான்.

எக்செல் பிரியர்களுக்கு:

```
A1: =62+TODAY()-DATE(2025,3,14)
A2: =INT(A1/7)&"w"&MOD(A1,7)&"d"
```

A1-ல தேதி மாதிரி ஏதாவது வந்தா, ஃபார்மேட்டை Number-னு மாத்திடுங்க.

இப்போ மத்த ரெண்டையும் வச்சுப் போட்டா? கடைசி மாதவிலக்குப்படி 24 வாரம் 3 நாள், ரெண்டாவது ஸ்கேன்படி சரியா 24 வாரம். ஒரே வயிறு, மூணு விடை!

முதல் மூணு மாசத்துல எல்லாக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துலதான் வளருது. அதனால அப்போ அளந்த நீளத்தை வச்சு வயசு சொன்னா, அஞ்சு ஏழு நாளுக்கு மேல பிசகாது. அதுக்கப்புறம் அப்பன் ஆத்தா ஜாடை, சத்து, நோய்னு வளர்ச்சி ஆளுக்கு ஆள் மாறிடும். ரெண்டாவது ஸ்கேன்ல தலை, வயிறு, தொடை எலும்பை அளந்து மிஷின் சொல்ற '19w3d'க்கு "சராசரியா இந்த வாரத்துக் குழந்தை சைஸுல இருக்கு"ன்னுதான் அர்த்தம். முதல் ஸ்கேன் கணக்குல அன்னைக்கு 18 வாரம் 5 நாள். அஞ்சு நாள் கூட இருக்குறது சாதாரணம். அதுக்காக வயசை மாத்த மாட்டாங்க.

சரி, மாதவிலக்குத் தேதியை ஏன் விட்டோம்? எடுத்த எடுப்புல விடக் கூடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஏகாக் சொல்ற அளவு இது: அந்தத் தேதிப்படி 9லேர்ந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள இருக்கும்போது எடுத்த ஸ்கேன், ஏழு நாளுக்கு மேல வித்தியாசம் காட்டினா ஸ்கேனை எடுத்துக்கணும். இல்லேன்னா மாதவிலக்குத் தேதியே நிக்கும். (9 வாரத்துக்கு முன்னாடின்னா அஞ்சு நாளுக்கு மேல.) இவளுக்கு மார்ச் 14 அன்னைக்கு தேதிப்படி சரியா 10 வாரம், ஸ்கேன்படி 8 வாரம் 6 நாள். எட்டு நாள் வித்தியாசம். "உனக்கு எத்தனை நாளுக்கு ஒருதரம் வரும்?"னு தங்கமணியை விட்டுக் கேக்கச் சொன்னேன். 36, 38 நாள் ஆகுமாம். அந்த எட்டு நாள் எங்கேர்ந்து வந்ததுன்னு புரிஞ்சுபோச்சு. அக்டோபர் 10ங்கறது 28 நாள் சுழற்சிக்குப் போட்ட கணக்கு.

எட்டு நாள்ல என்ன வந்துடப் போகுதுன்னு கேக்காதீங்க. 41 வாரம் ஆயிட்டா வலி வரவைக்கிற பேச்சு வரும். பழைய தேதிப்படி அது அக்டோபர் 17. ஸ்கேன்படி அன்னைக்கு 39 வாரம் 6 நாள்தான், இன்னும் நாளே ஆகலை!

இதைவிடப் பெரிய ஆபத்து கடைசி மாசங்கள்ல இருக்கு. முதல் ஸ்கேன்படி 32 வாரம் ஆகியிருக்கும்போது, புது ஸ்கேன் 29 வாரம்னு காட்டுதுன்னு வைங்க. "அப்போ நம்ம கணக்குதான் தப்பு"ன்னு தேதியைத் தள்ளிப் போட்டா, குழந்தை வளராம நிக்கிறது யாருக்கும் தெரியாமலே போயிடும். வயசு மாறலை, வளர்ச்சிதான் பின்தங்கியிருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத்தான் முதல் ஸ்கேன் தேதியை மாத்தாம வச்சிருக்காங்க.

அதனால தங்கச்சிகிட்ட சொன்னது ஒண்ணுதான்: ஃபைலோட முதல் பக்கத்துல 'மார்ச் 14, 8w6d, அக்டோபர் 18'னு பெருசா எழுதிக்கோ. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதல்ல நீட்டு. அடுத்தடுத்த ஸ்கேன்ல தேதி மாறி வந்தா பதறாதே, "குழந்தை வளர்ச்சி எப்படி இருக்கு டாக்டர்?"னு கேளு.