வெள்ளம் தின்றது நாலு நாள்; மீதி ஆறு நாள்?

எங்கள் பாளையங்கோட்டையில் மழையைத் திட்டுகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம். தாமிரபரணிக்கரைக்காரர்கள் நாங்கள், தண்ணீரை வைது பழக்கமில்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பேர் நகர வழியில்லாமல் தவித்தார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆறும் தெருவும் ஒன்றாகிவிட்டன.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மின்சாரம் மட்டும் நாலு நாள் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதிய முதல் கடிதத்தில் இதைச் சொல்லவில்லை!

என் தொழில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும், இரவு அவன் தூங்கிய பிறகும் வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். சம்பளம் கிடையாது, செய்த பக்கத்துக்குக் கூலி. சென்னைப் பதிப்பாளர் ஒருவர் குழந்தை உணவு பற்றிய 160 பக்கப் புத்தகம் ஒன்றை டிசம்பர் 1ஆம் தேதி என்னிடம் தந்தார். 20ஆம் தேதி முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். ஜனவரி 3ஆம் தேதி சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் அச்சாகி வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

20ஆம் தேதி மத்தியானம் மின்சாரம் வந்தது. வேலை முடியவில்லை. கம்ப்யூட்டர் உயிர் பெறும்வரை, பிள்ளையின் பழைய நோட்டில் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை அப்படியே தருகிறேன், சிரிக்காதீர்கள்:

"அன்புள்ள ஐயா, வணக்கம். நலம், நலமறிய ஆவல். எங்கள் ஊர் நிலைமையைத் தாங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நூறு வருஷத்தில் காணாத வெள்ளம். மின்சாரம் இல்லை, பால் இல்லை, பிள்ளைக்கு வேறு சளி. இந்த இக்கட்டான சூழ்நிலையிலும் தங்கள் வேலை என் மனதைவிட்டு அகலவில்லை. பெரும்பகுதி முடிந்துவிட்டது. இயற்கையின் சீற்றத்தால் சிறிது காலதாமதம் ஏற்பட்டுவிட்டது. எப்படியும் கூடிய சீக்கிரம், இரண்டொரு நாள் முன்பின்னாக அனுப்பி வைக்கிறேன். தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம்."

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு உருக்கம்!

என் மாமியார் முப்பது வருஷம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். 2013 ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். அத்தைக்கு மட்டும் இன்னும் எதைப் படித்தாலும் பென்சிலோடு வார்த்தை எண்ணும் பழக்கம் போகவில்லை. நோட்டை வாங்கிப் படித்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள்.

"ஏட்டி, எல்லாம் இருக்கு. எந்தத் தேதிக்குக் கொடுப்பேன்னு எங்க இருக்கு?"

"கூடிய சீக்கிரம்னு போட்டிருக்கேனே, அத்தை."

"கூடிய சீக்கிரம்ங்கிறது காலண்டர்ல எந்தத் தாள்ல இருக்கு? அவுக அச்சாபீஸ்காரன்கிட்ட என்ன சொல்லுவாக? 'பாளையங்கோட்டையில பிள்ளைக்குச் சளி'ன்னா?"

வாயை மூடிக்கொண்டேன். அத்தை பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "முதல்ல தேதியைக் கண்டுபிடி. பொறவு காரணத்தைப் பாப்போம்" என்றார்கள்.

தேதியை நினைத்துச் சொல்லக் கூடாது, எண்ணித்தான் சொல்ல வேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. மீதி எத்தனை பக்கம்? முதல் 128 பக்கம் முடிந்திருந்தது, பாக்கி 32. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் முடியும்? பத்து என்று வாயெடுத்தேன். "நீ நெனச்சதைக் கேக்கலை. கடைசியா வேலை பார்த்த ரெண்டு நாள்ல எத்தனை முடிச்சே?" என்றார்கள் அத்தை.

15ஆம் தேதி நாலு பக்கம். 16ஆம் தேதி சனிக்கிழமை, பிள்ளை வீட்டில் இருந்த நாள். அன்றும் நாலே பக்கம். காரணம் இதுதான்: புத்தகத்தின் கடைசி 40 பக்கமும் அட்டவணைகள். எந்த மாதத்தில் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கட்டம் கட்டமாக வரும். சாதாரணப் பக்கம் ஒரு நாளில் பத்து ஓடும். அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். நான் கையெழுத்துப் பிரதியில் முதல் 20 பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, 160ஐப் பத்தால் வகுத்து 16 நாள், சரிபார்க்க 2 நாள், வீட்டு வேலைக்கு 2 நாள் என்று 20ஆம் தேதியைச் சொல்லியிருந்தேன்.

இப்போது கணக்கைப் போட்டோம். 32 பக்கம், நாளைக்கு நாலு, ஆக 8 நாள். முடிந்த 128 பக்கத்தைச் சரிபார்க்க ஒரு நாள், கடைசிப் பக்கங்களைச் சரிபார்க்க ஒரு நாள். மொத்தம் 10 நாள். 21ஆம் தேதி ஆரம்பித்தால் 30ஆம் தேதி சனிக்கிழமை. 'இரண்டொரு நாள்' எங்கே, பத்து நாள் எங்கே! எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"அத்தை, 26ன்னு சொல்லிப் பாப்போமா? ராத்திரி முழிச்சுச் செஞ்சிருவேன்."

"26ன்னு சொல்லி, அன்னிக்கு மறுபடி ஒரு கடுதாசி எழுதுவே. ஒரு தடவை தள்ளினா பொறுத்துக்கிடுவாக. ரெண்டாம் தடவை தள்ளினா, மூணாவதா நீ சொல்லுத தேதியை யாரும் நம்ப மாட்டாக."

சரி, 30 என்று வைத்துக்கொண்டோம். அடுத்தது காரணம். "வெள்ளம்தான்" என்றேன். உலகமே பார்த்த வெள்ளம். யாரும் மறுபேச்சுப் பேச முடியாத காரணம், என் மடியில் வந்து விழுந்திருந்தது.

அத்தை கேட்ட கேள்வியை இன்றுவரை மறக்கவில்லை. "வெள்ளம் தின்னது நாலு நாள். நீ கேக்கது பத்து நாள். மீதி ஆறு நாளை யாரு தின்னா?"

மின்சாரம் இல்லாதது 17 முதல் 20 வரை, நாலே நாள். வெள்ளமே வராவிட்டாலும் 17ஆம் தேதி தொடங்கி அதே பத்து நாள் வேலை 26இல்தான் முடிந்திருக்கும். ஆறு நாள் என் கணக்குப் பிழை. அதைவிட மோசம், அட்டவணை நாலு பக்கம்தான் நகர்கிறது என்று 15ஆம் தேதி இரவே எனக்குத் தெரியும். அன்றே சொல்லியிருந்தால் பதிப்பாளருக்கு வேறு ஏற்பாடு செய்ய அவகாசம் இருந்திருக்கும். 'பார்ப்போம், ஓடிவிடும்' என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

காரணம் எது, சாக்கு எது என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். காரணம் நாள் கணக்கோடு ஒத்துப்போகும். இத்தனை நாள் இதனால் போயிற்று என்று எண்ணிச் சொல்லலாம். சாக்கை எண்ண முடியாது. பிள்ளையின் சளியால் எத்தனை நாள் போயிற்று? ஒரு நாளும் இல்லை. அப்படியானால் அதற்குக் கடிதத்தில் இடமில்லை. பென்சில் அதன்மேல் கோடு போட்டது. 'நூறு வருஷம்', 'இயற்கையின் சீற்றம்', 'இக்கட்டான சூழ்நிலை' எல்லாம் பின்னாலேயே போயின. 'பெரும்பகுதி' என்ற இடத்தில் 128 என்ற எண் வந்து உட்கார்ந்தது.

கடைசியில் மின்னஞ்சலில் போனது இது:

"ஐயா, குழந்தை உணவுப் புத்தகத்தை இன்று (டிசம்பர் 20) தர முடியவில்லை. டிசம்பர் 30 சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் முழுவதும் தருகிறேன்.

தாமதம் 10 நாள். இதில் 4 நாள் வெள்ளத்தால் மின்சாரம் இல்லாமல் போனவை. 6 நாள் என் கணக்குப் பிழை. பின்னால் உள்ள 40 அட்டவணைப் பக்கங்களைப் பார்க்காமல் தேதி சொன்னேன். அவை நாளைக்கு 4 பக்கம்தான் முடிகின்றன. 15ஆம் தேதியே இது தெரிந்தும் சொல்லாதது என் தவறு.

முதல் 128 பக்கம், அதாவது 8 ஃபாரம், முடிந்தன. சரிபார்த்து நாளை இரவு 9 மணிக்குள் அனுப்புகிறேன். அவற்றை அச்சுக்கு விடலாம். பாக்கி 2 ஃபாரம்.

பாக்கியை வேறு யாரிடமாவது கொடுக்க நினைத்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள். கோப்புகளை உடனே அனுப்புகிறேன். அந்தப் பக்கங்களுக்குக் கூலி வேண்டாம்."

ஃபாரம் என்பது 16 பக்கம். அச்சகத்தில் அதுதான் கணக்கு. எட்டு ஃபாரம் தயார் என்றால் மிஷினை ஓட்ட ஆரம்பிக்கலாம். முதல் கடிதத்தில் இந்த விஷயமே இல்லை! என் வருத்தத்தை மூன்று இடத்தில் எழுதியவள், அவருக்கு உதவக்கூடிய ஒரே செய்தியை விட்டிருந்தேன்.

கடைசி வரியை எழுதும்போது கை நடுங்கியது. வீட்டு வாடகையில் பாதிக்கு இந்தக் கூலியைத்தான் நம்பியிருந்தோம். இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியவர் அவர். அவருக்கு அதற்கான வழியும், பதில் சொல்ல ஒரு நேரமும் வேண்டும் அல்லவா?

மறுநாள் காலை போன் வந்தது. குரலில் கோபம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "15ஆம் தேதியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அதற்குமேல் நான் பேசவில்லை. ஒரு ஃபாரத்தைச் சென்னையில் வேறொருவரிடம் கொடுத்தார். மீதி ஒரு ஃபாரம் எனக்கு நாலு நாள் வேலை, சரிபார்க்க ஒரு நாள். 26ஆம் தேதி அனுப்பினேன். 16 பக்கக் கூலி போயிற்று. புத்தகம் காட்சியின் முதல் நாளுக்கு வரவில்லை; சில நாள் கழித்து வந்தது. பிப்ரவரியில் அவரே அடுத்த வேலையைத் தந்தார். தரும்போது, "எல்லாப் பக்கத்தையும் பார்த்துட்டு தேதி சொல்லுங்க" என்றார்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். கடைசிப் பக்கம்வரை புரட்டி, சாதாரணப் பக்கத்தையும் அட்டவணையையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கைக்குழந்தைக்காரிகளுக்கு. உண்மையாகவே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் போனால், அதை எழுதத் தயங்க வேண்டாம். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லாததால் 3 நாள் வேலை செய்ய முடியவில்லை" என்ற ஒரே வரி போதும். எத்தனை டிகிரி, எந்த டாக்டர், எத்தனை ராத்திரி விழித்தோம் என்பதெல்லாம் நம் வீட்டோடு இருக்கட்டும்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. பென்சில் கோடுகளுக்குத் தப்பி மிஞ்சியது ஒரே வார்த்தைதான்: "ஐயா".