மடக்கி வரைந்த கோடு

எம்.எஸ்சி. இயற்பியல் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருந்த வரை, கிராப் தாளில் அச்சுக்குக் கீழே இறங்கவேண்டிய ஒரு கோட்டை மாணவர்களிடம் மேல்பக்கம் மடக்கி வரையச் சொன்னேன். கொஞ்ச காலம் தெரியாமல் செய்தேன். அதைவிட அதிக காலம் தெரிந்தே செய்தேன். முதலாவதை மன்னிக்கலாம்; இங்கே ஒப்புக்கொள்ள வந்தது இரண்டாவதை.

பிரெனல் சூத்திரங்களைச் சரிபார்க்கும் சோதனை அது. ஸ்பெக்ட்ரோமீட்டர் மேடையில் ஒரு கண்ணாடிப் பட்டகம், எதிரே லேசர், நடுவில் ஒரு போலராய்டு, எதிரொளித்து வரும் கதிரைப் பிடிக்க ஒரு ஒளிமின்கலம். தட்டையான கண்ணாடித் துண்டை வைத்தால் அதன் பின்பக்கமும் எதிரொளித்து அளவைக் கெடுக்கும். பட்டகத்தில் அந்தக் கதிர் வேறு திசையில் போய்விடும் என்பதால்தான் பட்டகம். மின்புலம் படுதளத்திலேயே அதிரும்படி போலராய்டை வைத்தால் அது பி-ஒளி; படுதளத்துக்குச் செங்குத்தாக வைத்தால் எஸ்-ஒளி. படுகோணம் i, கண்ணாடிக்குள் விலகுகோணம் t என்றால், எங்கள் புத்தகத்தில் வீச்சுக் குணகங்கள் இப்படி இருக்கும்:

r_s = −sin(i − t) / sin(i + t)
r_p = tan(i − t) / tan(i + t)

ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் நேராக விழும் ஒளி எதுவானாலும் 4 சதவீதம் திரும்பி வரும். சாய்க்கச் சாய்க்க எஸ்-ஒளி ஏறிக்கொண்டே போகும்: 45 டிகிரியில் 9.2, 56.3 டிகிரியில் 14.8, 70 டிகிரியில் 30 சதவீதம். பி-ஒளி முதலில் இறங்கும். 45 டிகிரியில் 0.85 சதவீதம்தான், புரூஸ்டர் கோணமான 56.3-இல் ஒன்றுமே இல்லை; பிறகு ஏறி 70 டிகிரியில் 4.25. இந்த 45 டிகிரியில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தக் கண்ணாடியானாலும் பி-ஒளியின் பின்னம் எஸ்-ஒளியின் பின்னத்தின் வர்க்கமாக இருக்கும். ரீடிங்கை வீட்டில் உட்கார்ந்து எழுதி வருகிறவர்களை நான் பிடித்தது இதை வைத்துத்தான்.

ஒளிமின்கலம் காட்டுவது செறிவை. சூத்திரம் சொல்வது வீச்சை. ஆகவே வர்க்கமூலம் எடுக்கவேண்டும். என் பிழை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. வர்க்கமூலத்துக்கு இரண்டு குறி உண்டு. கால்குலேட்டர் ஒன்றைத்தான் தரும். அது தந்ததை அப்படியே குறித்தால் பி-கோடு 0.2-இல் தொடங்கி, புரூஸ்டர் கோணத்தில் அச்சைத் தொட்டு, உடனே மேலே திரும்பும். தொடும் இடத்தில் ஒரு கூர்முனை வரவேண்டும். ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த முனை தெரிந்ததே இல்லை. இருட்டு ரீடிங்கைக் கழிக்காமல் விட்டு, அரை சதவீத ஒளி கசிந்து உள்ளே வந்தாலே வர்க்கமூலம் 0.07-க்குக் கீழே இறங்காது. கோட்டின் அடி கிண்ணம்போல வளைந்துவிடும். அந்த வளைவு பார்க்க ஒழுங்காக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு மாணவி கசிவைக் கவனமாகக் கழித்திருந்தாள். 60, 65, 70 டிகிரிப் புள்ளிகளை அச்சுக்குக் கீழே குறித்து, கோட்டை நேராகக் கீழே இறக்கியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன்.

“வீச்சு எப்படிம்மா மைனஸ்ல வரும்?”

“சார், i-யும் t-யும் சேர்ந்து தொண்ணூறைத் தாண்டினா டேன் மைனஸ்தானே சார்? மேல திருப்பினா அந்த இடத்துல முனை வருது. சூத்திரத்துல முனையே இல்லையே?”

அவள் சொன்னது அத்தனையும் சரி. எனக்குப் பதில் தெரியவில்லை. “எக்ஸ்டர்னல் முன்னாடி இப்படிப் பேசினா வைவால உட்கார வச்சிடுவாங்க” என்று சொல்லி, கிராப்புக்கான மார்க்கைக் குறைத்தேன்.

அன்று சாயங்காலம் கூடத்தைப் பூட்டாமல் நானே உட்கார்ந்தேன். செறிவு குறியைத் தின்றுவிடும். ஆனால் எஸ்-ஒளியையும் பி-ஒளியையும் ஒன்றாக அனுப்பினால் குறி தப்பாமல் வெளியே வரும். போலராய்டை 45 டிகிரி சாய்த்து வைத்தால் இரண்டும் சம அளவில் போகும். எதிரொளிப்பில் இரண்டும் வெவ்வேறு அளவில் குறைவதால், திரும்பி வரும் ஒளியின் அதிர்வுத்தளம் சுழன்றிருக்கும். இரண்டாவது போலராய்டைத் திருப்பி ஒளி அணையும் இடத்தைப் பார்த்தால் சுழற்சி தெரிந்துவிடும். பிரெனலே தன் சூத்திரங்களை இந்தச் சுழற்சியோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார்.

எஸ்-திசையிலிருந்து அளந்தால், 30 டிகிரிப் படுகோணத்தில் அதிர்வுத்தளம் ஏறக்குறைய 33 டிகிரி விலகியிருக்கவேண்டும், 45-இல் 17, புரூஸ்டர் கோணத்தில் பூஜ்யம். அதுவரை சரியாகவே வந்தது. நான் மாணவர்களிடம் வரையச் சொன்ன கோடு உண்மையானால், 70 டிகிரியில் தளம் பழைய பக்கமே திரும்பி 21 டிகிரி காட்டவேண்டும். அந்த இடத்தில் ஒளி அணையவில்லை. எஸ்-திசையைத் தாண்டி மறுபக்கம் 21 டிகிரி திருப்பியதும் அணைந்தது. பி-வீச்சு பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பவில்லை, கடந்து போயிருந்தது.

காரணமும் எளிதுதான். கண்ணாடிக்குள் விலகிச் செல்லும் ஒளி அங்குள்ள எலக்ட்ரான்களைத் தன் மின்புலத்தின் திசையில் ஆட்டுகிறது. எதிரொளிப்பு அந்த ஆட்டத்திலிருந்து பிறக்கிறது. ஆடும் திசையிலேயே ஒளி வெளிப்படாது. விலகிய கதிரும் எதிரொளித்த கதிரும் செங்குத்தாகும்போது, பி-ஒளியில் எலக்ட்ரான்கள் எதிரொளிப்புத் திசையிலேயே ஆடுகின்றன. அதனால் ஒன்றும் வருவதில்லை. ஒரு பென்சிலை நுனி வழியாகப் பார்த்தால் வெறும் புள்ளி. கண்ணை இந்தப் பக்கம் நகர்த்தினால் நுனி ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கம் நகர்த்தினால் எதிர்ப்பக்கம் சாயும். குறி மாறுவது அதுதான்.

இன்னொன்றும் அன்றுதான் விளங்கியது. வேறொரு புத்தகத்தில் r_p-க்கு முன்னால் ஒரு மைனஸ் இருக்கும். அது அச்சுப்பிழை என்று ஒரு வகுப்புக்கே சொல்லியிருக்கிறேன். அது பிழையே அல்ல. நேராக விழும்போது எஸ், பி என்ற பேதமே கிடையாது. இரண்டு மின்புலமும் ஒரேமாதிரி தலைகீழாகின்றன. ஆனாலும் எங்கள் புத்தகம் ஒன்றுக்கு −0.2, மற்றதற்கு +0.2 தரும். பி-யின் ‘கூட்டல் திசை’யைக் கதிரோடு சேர்த்துத் திருப்புகிறார்கள் என்பதுதான் காரணம். திருப்பாதவர் இரண்டுக்கும் −0.2 போடுவார். எந்தப் பக்கம் கூட்டல் என்பது ஆசிரியரின் வசதி. 56.3 டிகிரியில் கோடு அச்சைக் கடப்பது மட்டும் இரண்டு புத்தகத்திலும் நடக்கும்.

மார்க் பட்டியல் அப்போதும் என் மேசை டிராயரில்தான் இருந்தது, ஆபீசுக்குப் போகவில்லை. ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். திருத்தினால் ஏன் என்று வகுப்பில் சொல்லவேண்டும். சொன்னால் அச்சுப்பிழைக் கதையும் வெளியே வரும். மறுநாள் பட்டியலை அப்படியே அனுப்பினேன். அவளிடம் அதைப் பற்றி அப்புறம் நான் பேசவே இல்லை.

அடுத்த ஆண்டு ஆய்வுக்கூட மேனுவல் மறு அச்சுக்குப் போனது. 45 டிகிரிச் சோதனையைச் சேர்க்க இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. நான் சேர்த்தது ஒரே ஒரு சொல்: குத்து அச்சின் பெயரில் ‘குணகம்’ என்றிருந்ததைக் ‘குணகத்தின் எண்மதிப்பு’ என்று மாற்றினேன். அதோடு மடக்கிய கோடு சரியாகிவிட்டது. குறை சொல்ல இனி யாராலும் முடியாது. அந்த பேட்ச்சில் ஒரு பையன், “சார், இந்த முனை எதுக்கு சார்?” என்று கேட்டான். “மாடுலஸ்ப்பா, அச்சைப் படிச்சுப் பாரு” என்றேன். அவன் படித்தான், தலையாட்டினான், போய்விட்டான்.