தோல் படம் அனுப்பும் முன்

தங்கையின் முன்கையில் வட்டமாய்ச் சிவந்த தடிப்பு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். தடிப்பைவிட மற்றவைதான் முதலில் கண்ணில் பட்டன: மணிக்கட்டில் கணவர் பெயர் பச்சை, பின்னால் பள்ளிச் சீருடையில் மகளின் போட்டோ, ஓரத்தில் தங்கையின் முகத்தில் பாதி.

வேறு படம் எடுத்தோம். வெற்றுச் சுவர் முன் ஜன்னல் வெளிச்சத்தில் கையை வைத்தோம். பச்சையின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றினோம். எடுத்த பிறகு மங்கலாக்கினால் எழுத்தை ஊகிக்க முடியலாம். எடுக்கும்போதே மறைப்பதுதான் பத்திரம். பச்சையின் மேலேயே தடிப்பு வந்திருந்தால் மறைக்கக் கூடாது. மையால் வந்த ஒவ்வாமையா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

ரொம்பவும் வெட்டிவிடாதீர்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு படம், அளவு தெரிய ஸ்கேல் வைத்து நெருக்கத்தில் ஒன்று. கன்னத்தில் பிரச்சினை என்றால் அந்தக் கன்னம் மட்டும் போதும். ஃபில்டர் போடக் கூடாது, நிறம் மாறிவிடும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. தெளிவுக்காகப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

அனுப்பியதும் கேலரியிலும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பிலும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பின் அந்தரங்கமான பகுதி என்றால், சிகிச்சை முடிந்ததும் இரண்டிலிருந்தும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.