எண் சரி, முகவரி தப்பு

திரேஸ்புரத்திலிருந்து அந்தப் பையனை அவன் அப்பாதான் என் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். கையில் வேறொரு மாநில சைபர் க்ரைம் போலீஸின் நோட்டீஸ். பையன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு ஒன்றில் மோசடிப் பணம் வந்து போயிருக்கிறது. நேரில் ஆஜராக வேண்டும். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

கப்பலில் டெக் வேலை என்று வாட்ஸ்அப்பில் பேசியவர்களுக்கு ஆதார், பான், சி.டி.சி., ஆதார் அட்டையைப் பிடித்தபடி ஒரு செல்ஃபி என எல்லாவற்றையும் அனுப்பியிருந்தான். ‘வெரிஃபிகேஷன்’ என்று கேட்ட ஓ.டி.பி.யும் போயிருந்தது.

“எந்தக் கம்பெனின்னு கேக்கலையாப்பா?”

“கேட்டேன் சார். லெட்டர்பேடு அனுப்புனாங்க. அதுல இருந்த நம்பரைப் போட்டு எம்.சி.ஏ. சைட்லயே பாத்தேன். கம்பெனி இருக்கு சார்.”

அவன் சொன்னது உண்மை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத்தாளில் பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க சி.ஐ.என்., தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை அச்சிட வேண்டும். சிக்கலும் அங்கேதான். ஊரறிய அச்சாகும் எண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். கம்பெனி இருக்கிறது என்று அந்த எண் சொல்லும். கேட்கிற ஆள் அந்தக் கம்பெனிக்காரர்தான் என்று சொல்லாது.

லெட்டர்பேடு வந்த மெயிலைத் திறக்கச் சொன்னேன். அனுப்பியவர் பெயர் சரியாக இருந்தது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் கம்பெனி பெயரோடு ‘-crew’ என்று ஒரு வால். அந்த வாலோடு புது டொமைன் வாங்கச் சில நூறு ரூபாய் போதும்.

கப்பலுக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கப்பல் துறை இயக்குநரகம் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து, நிஜக் கம்பெனியைத் தொலைபேசியில் பிடித்தோம். அப்படி ஆளெடுப்பே இல்லை என்றார்கள்.

அப்பா மகனைப் பார்த்தார். “முத்துக் குளிச்ச உன் பூட்டன், கயிறு யார் கையில இருக்குன்னு பாக்காம முங்க மாட்டாராம். நீ முங்கிட்டியேடா.”

வாட்ஸ்அப் உரையாடல், அந்த மெயிலின் முழு ஹெடர், கம்பெனியின் மறுப்புக் கடிதம் மூன்றையும் சேர்த்து நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தோம். விசாரணை அதிகாரி பையனைக் கைது செய்யவில்லை, சாட்சியாக எழுதிக்கொண்டார். ஆனால் அதற்கு இரண்டு முறை ரயிலேற வேண்டியிருந்தது.

அடுத்த வேலைக்கு அவனை இப்படி எழுதவைத்தேன்: “உங்கள் சி.ஐ.என்., ஆர்.பி.எஸ்.எல். எண்களைக் கம்பெனி மெயிலிலிருந்து அனுப்புங்கள். உரிமப் பட்டியலில் உள்ள அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆவணங்களை அனுப்புகிறேன்.” இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து மறுநாளே வந்தது. அன்றும் அவன் முதலில் பார்த்தது @ குறிக்குப் பின்னால்தான்.