கொக்கியில் 17, நோட்டில் 1... மீதி ஒரு சாவி எங்கே?

சென்னையில் நாங்கள் இருக்கும் அப்பார்ட்மென்ட்டில் 24 வீடுகள். அதில் 19 வீட்டுக்காரர்கள் ஸ்பேர் சாவியைச் செக்யூரிட்டி ரூமில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அப்பா அசோசியேஷன் செயலாளர் என்பதால், அந்தச் சாவிகளுக்கான நோட்டுக்குக் கோடு போடும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் பலகை. பூட்டக்கூடிய சின்ன அலமாரிக்குள் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். கிரில் கேட் சாவியும் மெயின் டோர் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கும், அது ஒரு கொத்து என்று கணக்கு. வளையத்தில் கொக்கி எண் மட்டும்தான் உண்டு, வீட்டு எண் கிடையாது. சாவி தெருவில் விழுந்தால், எடுப்பவருக்கு அது எந்த வீட்டுச் சாவி என்று தெரியக் கூடாது அல்லவா? எந்தக் கொக்கி எந்த வீடு என்ற பட்டியல் அப்பாவிடமும் செக்யூரிட்டி அண்ணாவின் மேஜை டிராயரிலும் தனியாக இருக்கிறது.

சாவி தராத 5 வீடுகளுக்குக் கொக்கியே மாட்டவில்லை. காலியான கொக்கியைப் பார்த்தால் சாவி வெளியே போயிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம் வர வேண்டும்.

அடுத்து நோட்டு. தேதி, கொக்கி எண், எடுத்தவர் பெயர், போன் நம்பர், எதற்காக, வீட்டுக்காரர் போனில் சம்மதித்த நேரம், எடுத்த நேரம், திரும்பிய நேரம், இரண்டு கையெழுத்து. திரும்பிய நேரம் எழுதாத வரி என்றால் அந்தச் சாவி இன்னும் வெளியே இருக்கிறது.

இரவு 8 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது இரண்டு செக்யூரிட்டிகளும் சேர்ந்து ஒரு கூட்டல் போடுவார்கள். கொக்கியில் தொங்கும் கொத்துகள், அதோடு நோட்டில் முடியாத வரிகள். இரண்டையும் கூட்டினால் 19 வர வேண்டும்.

ஒரு நாள் 18 வந்தது. கொக்கியில் 17, முடியாத வரி 1. பலகையில் காலியாக இருந்தவை 4, 9 என்ற இரண்டு கொக்கிகள். 4-க்கு நோட்டில் வரி இருந்தது. 9-க்கு இல்லை. 9-ம் எண்ணின் கடைசி வரியைத் தேடினால், மாலை 5.40-க்குத் திரும்பியதாகக் கையெழுத்தே இருக்கிறது!

பகல் ஷிஃப்ட் அண்ணா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. பெயின்டர் சாவியைக் கொடுத்த நேரத்தில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்திருக்கிறது. நோட்டில் எழுதிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறக்க ஓடியிருக்கிறார். எண்ணிப் பார்க்காமல் இருந்தால், சாவி அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

அன்றிலிருந்து வரிசையை மாற்றினோம். முதலில் சாவி கொக்கிக்குப் போக வேண்டும். கொண்டு வந்தவர் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

9-ம் கொக்கி, தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகன் அப்பாவுக்குப் போன் செய்தார். ‘‘அங்கிள், அம்மா ஒரு மணி நேரமா போனை எடுக்கல. கொஞ்சம் பார்க்க முடியுமா?’’ சாவி கொக்கியில் இருந்தது. பாட்டி பாத்ரூமில் விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். இடுப்பில் எலும்பு முறிவு. நினைவு இருந்தது. ‘‘கதவு திறக்கிற சத்தம் கேட்டதும்தான்ம்மா உயிரே வந்துச்சு’’ என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்.

ஆனால், ஸ்பேர் சாவியால் திறக்க முடியாத கதவும் உண்டு. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவி சுற்றினாலும் கதவு திறக்காது. சில பூட்டுகளில் உள்பக்கம் ஒரு சாவி செருகியிருந்தாலே வெளியிலிருந்து இன்னொரு சாவி நுழையாது. அதனால், தனியாக இருக்கும் பெரியவர்கள் பூட்டை மட்டும் போட்டுக்கொண்டு, சாவியை உருவி ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறோம். பாட்டியும் அப்படித்தான் செய்திருந்தார்.

நோட்டால் கண்டுபிடிக்க முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. தெருமுனைக் கடையில் சில நிமிடங்களில் டூப்ளிகேட் போட்டுவிடலாம். அதற்கு எந்த வரியும் சாட்சி சொல்லாது. எனவே இப்போது வேலைக்காரர் கையில் சாவி தருவதில்லை. செக்யூரிட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ கூடப் போய்த் திறந்துவிட்டு, சாவியோடு திரும்புகிறார்கள். காரணம் தெரியாமல் ஒரு சாவி இரவு முழுக்க வெளியே இருந்தால், அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூட்டையே மாற்றச் சொல்கிறோம்.

உங்கள் அப்பார்ட்மென்ட்டிலும் சாவிப் பலகை இருந்தால், இன்று இரவு ஷிஃப்ட் மாறும்போது போய் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் நோட்டில் நேற்றைய கடைசி வரி: ‘18 + 1 = 19’. கீழே இரண்டு கையெழுத்து.