ஸ்லைடில் இல்லாத 'ஏன்'

செமஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பவர் பிளாண்ட் பாடத்தில் அணுமின் நிலைய யூனிட், மொத்தம் 46 ஸ்லைடு.

"எல்லாத் தலைப்பையும் கேள்வியா மாத்திட்டேன் மாமா, பாருங்க."

பார்த்தேன். 'மாடரேட்டர்' என்ற ஸ்லைடு 'மாடரேட்டர் என்றால் என்ன?' ஆகியிருந்தது. 'கூலன்ட்' கதையும் அதுவே. கீழே ஸ்லைடில் இருந்த அதே வரிகள். தலைப்புக்குத் தலைப்பாகை கட்டியிருந்தாள், அவ்வளவுதான்.

அண்ணா பல்கலைக்கழகத் தாளில் 'என்றால் என்ன'வுக்கெல்லாம் இடம் பெரும்பாலும் இரண்டு மார்க் பகுதியில்தான். பத்துக் கேள்விக்கு 20 மார்க். மீதி 80 மார்க், ஐந்து 13 மார்க்கிலும் ஒரு 15 மார்க்கிலும் இருக்கிறது. அங்கே விளக்கச் சொல்வார்கள், ஒப்பிடச் சொல்வார்கள், படம் போடச் சொல்வார்கள். அதனால் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, பழைய கேள்வித்தாள்களில் கேள்வி முடிகிற வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட வைத்தேன். அப்புறம்தான் ஸ்லைடுக்கு வந்தோம்.

வேக ஈனுலைக்கு ஆறு ஸ்லைடு: சோடியத்தின் குணங்கள், முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று தனித்தனியாக. ஆறையும் ஒரே கேள்விக்குள் போட்டோம்: 'வேக ஈனுலையில் சோடியம் ஏன் இரண்டு சுற்றாக ஓடுகிறது? படத்துடன் விளக்குக.'

மூன்று மணி நேரத்துக்கு 100 மார்க் என்றால் 13 மார்க்குக்கு 23 நிமிடம் வரும். ஸ்லைடைப் பார்க்காமல் எழுதச் சொன்னேன். ஒன்பது நிமிடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். சோடியம் 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில் கொதிக்கும், இரண்டு சுற்று உண்டு, எல்லாம் சரி. ஏன் இரண்டு என்பது மட்டும் இல்லை. ஸ்லைடிலும் அங்கே வெறும் அம்புக்குறிதான்.

பக்கத்துக் கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை உலையிலும் இந்த ஏற்பாடுதான். காரணத்தை நானே சொன்னேன்: உலைக்குள் போய்வரும் சோடியம் நியூட்ரானை வாங்கிக் கதிரியக்கம் கொள்கிறது. சோடியம் தண்ணீரைத் தொட்டால் ஆவேசமாக வினைபுரியும். நீராவி உண்டாகும் இடத்தில் ஒரு குழாய் கசிந்தாலும் தண்ணீரோடு சேர்வது கதிரியக்கச் சோடியமாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் நடுவே கதிரியக்கமில்லாத சோடியம் ஒரு சுற்று ஓடுகிறது. இந்த நாலு வாக்கியத்தையும் சேர்த்து மறுபடி எழுதினாள். இருபது நிமிடம் பிடித்தது.

கடைசியில் 46 ஸ்லைடு 11 கேள்வியில் அடங்கியது. நாலு ஸ்லைடு வெறும் போட்டோ, அவற்றை விட்டுவிட்டோம். கனநீர் உலையையும் அழுத்த நீர் உலையையும் ஒப்பிடும் கேள்வி பழைய தாளில் இருந்தது, ஸ்லைடில் இல்லை. சார் அதை வகுப்பில் வாயால் சொன்னாராம், அன்றைக்கு இவள் லீவு. அந்த ஒரு விடையைத் தோழியின் கைநோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.