கழிவின் மேற் கழிவு



நத்தார் தினத்துக்கு மறுநாள் தொடக்கம் ரொறன்ரோ மாநகரின் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் சிவப்பு நிறத்தில் சதவீதங்கள் முளைத்துவிடுகின்றன. அவற்றுள் ஒரு வகை அறிவித்தலைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன். ‘40 சதவீதக் கழிவு’ எனப் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே, ‘மேலும் 20 சதவீதக் கழிவு’ என்று அதே அளவில் இன்னொரு வரி இருக்கும். அதற்கும் கீழே, கண்ணாடி அணிந்தவர்களும் குனிந்து பார்க்கவேண்டிய சிறு எழுத்தில், ‘குறைக்கப்பட்ட விலையின் மீது’ என்று ஒரு சொற்றொடர் காணப்படும். கணக்கு முழுவதும் அந்தச் சொற்றொடருக்குள்ளேதான் இருக்கின்றது.

எமது பாடசாலைப் பெற்றோர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய கடையொன்றிலே குளிர்கால மேலங்கி வாங்கச் சென்றார். குறித்த விலை 200 டொலர். நாற்பதும் இருபதும் அறுபது. ஆகவே 120 டொலர் போக 80 டொலர், ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியையும் சேர்த்தால் 90 டொலர் 40 சதம் என்று மனத்திலே கணக்கிட்டுக்கொண்டு, கையிலிருந்த நூறு டொலர்த் தாளுடன் காசாளர் முன் நின்றார். பற்றுச்சீட்டிலே வந்த தொகை 108 டொலர் 48 சதம். பின்னால் நீண்ட வரிசை. உடன் வந்திருந்த மகள், பள்ளிச் சுற்றுலாவுக்கென்று புத்தகப்பையில் வைத்திருந்த பத்து டொலரை எடுத்து நீட்டினாள். ஒரு சதக் குற்றிகள் 2013ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்துக்கு விடப்படாமையால் தொகை 108 டொலர் 50 சதமாக்கப்பட்டு, மீதி ஒன்றரை டொலர் அவர்கள் கைக்கு வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் பற்றுச்சீட்டுடன் என்னிடம் வந்தார். “மாஸ்ரர், எனக்கு இங்கிலீஸ் தெரியாதெண்டு நினைச்சு ஏமாத்திப் போட்டாங்கள். ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தாங்கோ” என்றார். அவருடைய குரலில் இருந்தது பதினெட்டு டொலர் பற்றிய கவலை அல்ல. மகளின் முன்னால் தலை குனிய நேர்ந்ததே அவரை வருத்தியது என்பது எனக்குப் புரிந்தது. கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு கட்டக் கடதாசியை எடுத்தேன். மகளையும் அருகில் இருத்திக்கொண்டேன்.

நீங்களும் அவ்வாறே ஒரு சதுரம் வரைந்து பாருங்கள். பத்து நிரல்கள், பத்து நிரைகள், மொத்தம் நூறு கட்டங்கள். மேலங்கியின் குறித்த விலை 200 டொலர் ஆகையால் ஒவ்வொரு கட்டமும் 2 டொலர். முதலாவது கழிவு 40 சதவீதம். எனவே இடப்புறமுள்ள நான்கு நிரல்களைப் பென்சிலால் நிழற்றுங்கள். நாற்பது கட்டங்கள், அதாவது 80 டொலர், போய்விட்டன. இரண்டாவது கழிவு 20 சதவீதம். மேலேயுள்ள இரண்டு நிரைகளை நிழற்றவேண்டும். ஆனால் ஒவ்வொரு நிரையிலும் நான்கு கட்டங்கள் ஏற்கெனவே நிழற்றப்பட்டுவிட்டன. புதிதாக நிழற்ற ஆறு கட்டங்களே உள்ளன. இரண்டு நிரைகளிலும் பன்னிரண்டு கட்டங்கள், 24 டொலர். மொத்தக் கழிவு ஐம்பத்திரண்டு கட்டங்கள், 104 டொலர். எஞ்சியவை நாற்பத்தெட்டுக் கட்டங்கள், 96 டொலர். அதனுடன் வரி 12 டொலர் 48 சதம் சேர, பற்றுச்சீட்டில் இருந்த அதே தொகை வந்தது.

இடப்புற மேல் மூலையில் நிரலும் நிரையும் சந்திக்கும் எட்டுக் கட்டங்களைப் பாருங்கள். கழிவுகளைக் கூட்டுபவர் அந்த எட்டையும் இருமுறை எண்ணிவிடுகின்றார். எட்டுக் கட்டங்கள் 16 டொலர். அவர் எதிர்பார்த்த 80க்கும் கடை கேட்ட 96க்கும் இடையிலுள்ள வேறுபாடும் அதுவே. இன்னும் ஐயம் இருந்தால், 60 சதவீதமும் 50 சதவீதமும் அடுத்தடுத்துக் கழிக்கும் ஒரு கடையைக் கற்பனை செய்யுங்கள். கூட்டல் சரியானால் அக்கடைக்காரர் பொருளையும் தந்து, நம் கையில் பணமும் தந்தனுப்பவேண்டிவரும்!

கடிதம் எழுதப்படவில்லை. கடை சொன்னது பொய்யன்று. ஆயினும் ‘52 சதவீதம்’ என்று ஒரே எண்ணாக எழுதியிருக்கலாமே என்று அப்பிள்ளை கேட்டாள், நியாயமான கேள்வி. நாற்பதும் இருபதும் அருகருகே நிற்கும்போது கண் அவற்றை அறுபதாகவே வாசிக்கின்றது. எழுத்தின் அளவைத் தீர்மானிப்பவர்களுக்கு இது தெரியாதென்று நான் நம்பவில்லை. எதிர்க்கடையில் அதே 200 டொலர் மேலங்கிக்கு ‘55 சதவீதக் கழிவு’ என்று ஒற்றை எண் தொங்கினால், அங்கேதான் அது 90 டொலருக்கு மலிவாகக் கிடைக்கும்.

வகுப்பிலே நான் வலியுறுத்தும் முறை, போனதைப் பாராமல் மிஞ்சியதைப் பார்ப்பது. 40 சதவீதம் போனால் மிஞ்சுவது 0.6 பங்கு, 20 சதவீதம் போனால் 0.8 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.48. பெருக்கலில் முன்பின் இல்லையாதலால், 20 சதவீதத்தை முதலிற் கழித்தாலும் விலை 200 இலிருந்து 160 ஆகி, அதன் பின் 96 ஆகவே முடியும். ஆனால் கழிவுகளில் ஒன்று சதவீதமாக இன்றி, ‘20 டொலர் கழிவுச்சீட்டு’ என்பதுபோல் நிலையான தொகையாக வந்தால் ஒழுங்கு முக்கியமாகிவிடும். 200 டொலரில் முதலில் 40 சதவீதத்தைக் கழித்து, பிறகு சீட்டைக் கொடுத்தால் விலை 100 டொலர். முதலிற் சீட்டைக் கழித்து 180 ஆக்கி, பிறகு 40 சதவீதத்தைக் கழித்தால் 108 டொலர். சீட்டு எப்போது கழிக்கப்படும் என்பதைக் காசாளரிடம் கேட்டறிவதில் கூச்சம் வேண்டியதில்லை.

பரீட்சைக்குச் செல்லும் மாணவர்கள் தடுமாறுவது இதே கணக்குத் தலைகீழாக வரும்போதுதான். ஊரில் நான் கரும்பலகையில் எழுதிவந்த வகையைச் சேர்ந்த ஒன்றைத் தருகின்றேன். வியாபாரி ஒருவர் 7,200 ரூபாவுக்கு வாங்கிய சேலையை அடுத்தடுத்து 20, 10 சதவீதக் கழிவுகள் கொடுத்து விற்று, 20 சதவீத இலாபம் பெற விரும்புகின்றார். குறித்த விலை யாது? இலாபம் வாங்கிய விலையின் மீது கணிக்கப்படுவது. கழிவு குறித்த விலையிலிருந்து தொடங்குவது. எனவே முதலில் விற்ற விலையைக் காணுங்கள்: 7,200 உடன் அதன் 20 சதவீதமாகிய 1,440 ஐக் கூட்ட 8,640 ரூபா. கழிவுகளின் பின் மிஞ்சுவது 0.8 ஐ 0.9 ஆற் பெருக்க வரும் 0.72 பங்கு. 8,640 ஐ 0.72 ஆல் வகுத்தால் 12,000 ரூபா.

கழிவுகளைக் கூட்டி 30 சதவீதம் என்று கொண்டவருக்கு 8,640 ஐ 0.7 ஆல் வகுக்க நேர்ந்து, 12,342 ரூபா 86 சதம் என்ற விடை வரும். விடையை நம்புவதற்கு முன் மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். 12,000 இல் 20 சதவீதம் போக 9,600. அதில் 10 சதவீதம் போக 8,640. மற்ற விடையிலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 8,887 ரூபாவில் வந்து நிற்பீர்கள்.